மூன்று புள்ளிகளுக்குள் ஒரு சைக்கிள்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். சாட்சியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நீங்கள் அங்கே இருந்தீர்களா என்பது. நீங்கள் இல்லை. நான் சொல்லப்போவதன் மையத்தில் ஒரு காலை நேரம் இருக்கிறது. அந்தக் காலையில் நானும் இல்லை. அதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் என் குரல் உயரத் தொடங்கினால் அந்தக் குறிப்பை எடுத்து எனக்குக் காட்டுங்கள்.

நான் மேடையில் வளர்ந்தவன். ஏழாம் வகுப்பில் தொடங்கிய பேச்சுப் போட்டிகள் முதுகலை முடியும்வரை ஓயவில்லை. ஒரு வாக்கியத்தை எங்கே தாழ்த்தினால் கூட்டம் முன்னால் சாயும், எங்கே நிறுத்தினால் கை தட்டும் என்பது எனக்குத் தெரியும். எதிரணிக்கு ஒதுக்கினாலும் வெல்வேன், தலைப்பை ஒட்டிப் பேச ஒதுக்கினாலும் வெல்வேன். அந்தக் கோப்பைகள் எங்கள் வீட்டில் டிவிக்கு மேலே இருக்கின்றன. செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் எனக்கு வரலாற்று ஆசிரியர் வேலை கிடைத்தபோது, நேர்முகத் தேர்வில் தாளாளர் கேட்டது வரலாறு அன்று. ஐந்து நிமிடம் பேசிக் காட்டச் சொன்னார்.

போன கோடையில் என் அப்பா, நைனா, இறந்தார். வயலுக்குப் போய்த் திரும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் அழவில்லை. அழக் கூடாது என்று தீர்மானம் எதுவும் செய்யவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். பதினாறாம் நாள் படத்திறப்பு. எங்கள் பக்கத்தில் படத்திறப்பு என்றால் பந்தலும் ஒலிபெருக்கியும் உண்டு. மாலை போட்ட படத்தின் அருகே நின்று நான்கு பேராவது பேசுவார்கள். கடைசியில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் பேசினேன். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் பேசியதில்லை என்று பலர் சொன்னார்கள். பந்தல் முழுவதும் அழுதது. என் உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஒலிபெருக்கியில் என் குரல் ஒரு நொடி தாமதித்துத் திரும்பி வருவதை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேச்சின் உச்சம் ஒரு சைக்கிள். நைனா வாலிபராக இருந்த காலத்தில், எங்கள் காலனிக்காரர்கள் ஊர்த்தெருவில் சைக்கிளில் போகக் கூடாது. தெருமுனையில் இறங்க வேண்டும், மறுமுனைவரை தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும், அதற்குப் பிறகு ஏறிக்கொள்ளலாம். எந்தப் பலகையிலும் எழுதாத விதி. நைனா அந்தத் தெருவில் சைக்கிள் மிதித்துப் போனார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவரே இரண்டொரு முறை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். நான் மேலே எதுவும் கேட்டதில்லை. மேடையில் நான் சொன்னேன்: 'முதன்முதலாக ஓர் இளைஞன் இறங்க மறுத்தான்.' அங்கே நிறுத்தினேன். கூட்டம் முன்னால் சாய்ந்தது, பிறகு கை தட்டியது.

உறவினர்கள் அந்தப் பேச்சைச் சிறு புத்தகமாக அச்சிட்டார்கள். சித்தப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். காலனியில் கட்டி முடியும் நிலையில் இருந்த படிப்பகத்தின் முகப்பில் பதிக்க ஒரு கருங்கல் பலகைக்குச் சொல்லிவிட்டார். நைனாவின் பெயர்; அதன் கீழே, 'இவ்வூர்த் தெருவில் முதன்முதலாகச் சைக்கிளில் சென்றவர்' என்ற வரி. முதலாண்டு நினைவு நாளில் திறப்பு.

படத்திறப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து, பக்கத்துத் தனியார் பள்ளிகள் சில சேர்ந்து பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுவான அரையாண்டுத் தேர்வு நடத்த முடிவு செய்தன. வரலாற்று வினாத்தாளில் ஒரு பகுதியை மட்டும் புதிதாக எழுத வேண்டியிருந்தது: மாணவர்கள் முன்பு பார்த்திராத ஒரு சான்றைக் கொடுத்து, அது எவ்வளவு நம்பத்தக்கது, எதற்குப் பயன்படும் என்று எடைபோடச் சொல்லும் பகுதி. அதற்காக எங்கள் பள்ளி மாடியில் மூன்று பேர் மூன்று நாள் உட்கார்ந்தோம். தேர்வு நடந்து முடிந்து வினாத்தாளும் வெளியே வந்துவிட்டதால் இதைச் சொல்வதில் தவறில்லை.

குழுவுக்குத் தலைமை திண்டிவனத்திலிருந்து வந்த ஒரு மூத்த ஆசிரியை. நாங்கள் மேடம் என்றோம். சிவப்புப் பேனா பிடிக்க மாட்டார். பென்சிலால்தான் அடிப்பார், அழிக்க முடியும் என்பதால். இன்னொருவர் அனந்தபுரத்திலிருந்து பைக்கில் வரும் சார். நைனாவின் படத்திறப்புக்கு வந்திருந்தவர். வாய் ஓயாமல் கேலி பேசுபவர்.

முதல் நாள் அவர் செஞ்சிக் கோட்டையைப் பற்றிய ஒரு பழைய பயணியின் கடிதத்தைக் கொண்டுவந்தார். மேடம் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அனந்தபுரத்து சாரே அதற்கான காரணத்தையும் சொல்லிவிட்டார்.

"கோட்டைன்னு போட்டா நம்ம பசங்க சான்றப் படிக்கவே மாட்டானுங்க மேடம். 'இவர் வெளிநாட்டவர், எனவே சார்புடையவர்'னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவானுங்க. டூர் போறப்ப குரங்குக்குப் பொரி போட்ட அனுபவம் வேற இருக்குது."

மேடம் சிரிக்கவில்லை, ஆனால் ஒத்துக்கொண்டார். மனப்பாடமாக எழுத முடியாதபடி, நினைவுக்கு எட்டும் காலத்தைப் பற்றியதாக, எங்கே எப்போது யார் சொன்னது என்று உறுதியாகத் தெரிந்ததாக ஒரு சான்று வேண்டும் என்றார். யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது துக்கம் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. கர்வம். பல பள்ளிகளின் பிள்ளைகள் என் வாக்கியங்களைத் தேர்வறையில் உட்கார்ந்து படிப்பார்கள் என்ற எண்ணம்தான் என்னை எழுப்பியது. மறுநாள் புத்தகத்திலிருந்து அந்தப் பகுதியைத் தட்டச்சு செய்து, ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் எடுத்துவிட்டுக் கொண்டுவந்தேன். நம் பகுதியில் நடந்த ஒரு நினைவுப் பேச்சு என்று மட்டும் சொன்னேன். அனந்தபுரத்து சார் ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

சான்றின் கீழே நான் எழுதியிருந்த வினா: 'இச்சான்றை நம்பலாமா, நம்பக் கூடாதா? காரணங்களுடன் நிறுவுக.' விடைக்குறிப்பையும் எழுதியிருந்தேன். நம்பலாம், ஏனெனில் பேசியவர் குடும்பத்தைச் சேர்ந்தவர், அருகிலிருந்து அறிந்தவர். நம்பலாம் என்று எழுதியவருக்கு எட்டு மதிப்பெண். நம்பக் கூடாது என்றால் அதிகபட்சம் மூன்று.

மேடம் பென்சிலை எடுத்தார்.

"தம்பி, இது பட்டிமன்றத் தலைப்பு. ரெண்டு பக்கம் பிரிஞ்சி ஒக்காந்து கத்தறதுக்கு நல்லா இருக்கும். எந்த விஷயத்துக்கு நம்பலாம்? எதுக்குப் பயன்படும்? அத நீங்க கேக்கவே இல்லையே."

அதன் பிறகு அவர் சொன்னவற்றை நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். கை தானாக எழுதியது. ஒரு சான்றை மொத்தமாக நம்பத்தக்கது, நம்பத்தகாதது என்று முத்திரை குத்த முடியாது. அதிலுள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: இது சொன்னவருக்கு எப்படித் தெரியும், இதில் பொய் சொல்ல அவருக்குக் காரணம் உண்டா, வேறு எதனுடனாவது ஒத்துப்போகிறதா. பயன் என்பதோ ஆராய்கிறவனின் கேள்வியைப் பொறுத்தது. நம்ப முடியாத சான்றும் பெரிதும் பயன்படக்கூடும். மிகைப்படுத்தும் பேச்சு, மிகைப்படுத்துகிறவர்கள் எதை மதித்தார்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே எதை ஆராய்வதற்கு என்று வினாவிலேயே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் 'பயன் என்ன' என்று கேட்டால் பிழை பிள்ளையின் மேல் இல்லை. விடைக்குறிப்பு எந்த முடிவுக்கும் மதிப்பெண் ஒதுக்கக் கூடாது. முடிவுக்கு வந்த வழிக்குத்தான் ஒதுக்க வேண்டும். 'சார்பு உள்ளது' என்று மட்டும் எழுதினால் கீழ்ப்படி. சான்றில் சொல்லப்பட்டதையும், அது யாரால் எப்போது எதற்காகச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்து, கேட்ட ஆய்வோடு பொருத்தி எழுதினால் மேல்படி.

பிறகு அவர் சான்றின் தலையில் வரவேண்டிய குறிப்புக்கு வந்தார். சான்றைக் காட்டிலும் அந்த ஒரு வரிதான் மாணவனுக்குக் கைப்பிடி. யார் பேசியது என்று கேட்டார்.

"மகன்," என்றேன்.

"எப்போ?"

"பதினாறாம் நாள். படத்திறப்பில்."

"கேட்டுக்கிட்டு இருந்தவங்க?"

"உறவுக்காரங்க. காலனிக்காரங்க."

"சம்பவம் நடந்தப்போ இந்த மகன் அங்க இருந்தாரா?"

"பிறக்கவே இல்லை."

"அப்போ யாரு சொல்லித் தெரியும்? சான்றுல இல்லையே."

அனந்தபுரத்து சார் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் பார்க்கிற மலையை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மேடம் பென்சில் முனையை என் சான்றின் நடுவில் ஓரிடத்தில் வைத்தார். அங்கே மூன்று புள்ளிகள் இருந்தன. நூற்றுச் சொச்சம் சொற்களுக்குள் அடக்குவதற்காக நான் ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு வைத்த புள்ளிகள். விடுபட்டது எது என்று படிக்கச் சொன்னார். வெட்டுவது குற்றமில்லை, ஆனால் வெட்டியதால் பொருள் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட வேண்டும். அது அவர் வழக்கம்.

நான் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். மேடையில் ஓர் அலங்காரத்துக்காக நான் சொன்ன வாக்கியம்: 'அந்தச் சைக்கிள், அவருடைய அக்காள் செஞ்சியில் ஒரு மருத்துவமனைக்குத் துப்புரவு வேலைக்குப் போய்வருவதற்காக வாங்கிய பழைய சைக்கிள்.'

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார்.

"சைக்கிள் அவங்களுது. டெய்லி வேலைக்குப் போறவங்களும் அவங்கதான். அந்தத் தெருவ விட்டா செஞ்சிக்கு வேற வழி இருக்குதா?"

"இல்லை."

"அப்போ முதல்ல ஓட்டுனது தம்பிதான்னு இந்த மகன் எத வச்சி சொல்றாரு?"

வாசகரே, இருபது ஆண்டு மேடைப் பழக்கத்தில் எதிரணி கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டதில்லை. அன்று மேசையின் மேல் இருந்த மூன்று புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கால் மரத்துப்போனால் அதைக் கையால் தூக்கி வைப்போமே, அதுபோல வாயைத் திறந்து, அந்த மகன் நான்தான் என்றேன்.

மேடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். நைனா எப்போது தவறினார் என்று கேட்டார். சொன்னேன். பிறகு என் விடைக்குறிப்புத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் பேசிய சான்றுக்கு நானே விடைக்குறிப்பு எழுதக் கூடாது, அதைத் தானும் அனந்தபுரத்து சாரும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சான்று நல்ல சான்று, விட மனமில்லை, ஆனால் தனியாகக் கொடுக்க முடியாது; ஒப்பிட இன்னொன்று வேண்டும் என்றார். அந்த அக்காள் இருக்கிறாரா என்று கேட்டார்.

இருந்தார். அத்தை எங்கள் தெருவிலேயே, மூன்று வீடு தள்ளி. படத்திறப்பில் முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் நிறுத்திய இடத்தில் மற்றவர்களோடு கை தட்டியவர்.

இறங்கி வரும்போது மாடிப்படியில் அனந்தபுரத்து சார் என் தோளில் கை வைத்தார். "நான் அன்னைக்கே நெனச்சேன் சார். ஆனா பந்தல்ல ஒக்காந்துகிட்டு யாராவது சோர்ஸ் கேப்பானா?" என்றார். கேலியா ஆறுதலா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்று மாலை அத்தை வீட்டுக்குப் போனேன். வாசலில் காயவைத்த மணிலாக்கொட்டையை அள்ளிக்கொண்டிருந்தார். சாப்டியாடா என்று கேட்டார். மேடம் சொல்லி அனுப்பியபடி, 'நீங்கள்தானே முதலில் ஓட்டினீர்கள்' என்று கேட்கக் கூடாது. பதிலை வாயில் ஊட்டிய கேள்வி சான்றைக் கெடுத்துவிடும். ஆகவே போனைப் பதிவில் வைத்து, அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்லு அத்தே என்று மட்டும் கேட்டேன்.

அவர் சொன்னது மிகவும் சாதாரணமாக இருந்தது. தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதால் வேலைக்கு நேரமாகிவிடும். மருத்துவமனையில் மெமோ கொடுத்துவிட்டார்கள். இன்னொரு முறை தாமதித்தால் வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். ஒரு காலையில் அத்தை தெருமுனையில் இறங்கவில்லை.

"போராட்டமெல்லாம் ஒண்ணும் இல்லடா. டூட்டிக்கு டைம் ஆயிடுச்சி, ஏறி மிதிச்சிட்டேன். மொத நாளு அவங்களுக்கே இன்னா பண்றதுன்னு தெரியல, சும்மா பாத்துக்கினு நின்னாங்க. ரெண்டாம் நாளுதான் கல்லு வந்துது. கணுக்கால்ல பட்டுச்சி. மூணாம் நாளு என்னால மிதிக்க முடியல. ஒங்க நைனாதான் என்னைப் பின்னாடி ஒக்கார வச்சி, அதே தெருவுல ஓட்டிக்கினு போனான். வேர்த்து ஊத்துது அவனுக்கு. ஆனா எறங்கலடா."

புடவையை இரண்டு விரற்கடை தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். வெளுத்த ஒரு தழும்பு இருந்தது.

படத்திறப்பில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அது பதிவில் இல்லை. போனை அணைத்த பிறகு கேட்டது.

"நீ அவ்ளோ நல்லா பேசினே. எல்லாரும் அழுவறாங்க. நடுவுல எந்திரிச்சி, இல்லப்பா, அது நானுன்னு சொன்னா எப்பிடி இருக்கும்? செத்தவன் என் தம்பிடா."

பிறகு உள்ளே போய், இரும்புப் பெட்டியைத் துழாவி, நான்காக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்தார். மருத்துவமனை எப்போதோ மூடப்பட்டுவிட்டது. மெமோவை மட்டும் வைத்திருந்தார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. காகிதத்தைத் தூக்கிப் போட்டால் மறுபடி கேட்பார்கள் என்ற பயமாம். தொடர்ந்து தாமதமாக வருவதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். பின்பக்கத்தில் யாரோ எழுதிக்கொடுத்த பதிலின் நகல்: ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கி நடந்து வர வேண்டியிருப்பதால் நேரமாகிறது.

மூன்றாம் நாள் அந்தத் தாளின் படத்தை மேடம் நெடுநேரம் பார்த்தார். வரலாற்றுக்காக எழுதப்படாத ஒன்று, என்றார். அதனால்தான் அதற்கு மதிப்பு. ஆனால் உடனே எனக்குக் கடிவாளமும் போட்டார். அத்தையின் வாய்மொழியை உண்மை என்றும் என் பேச்சைப் பொய் என்றும் விடைக்குறிப்பு சொல்லிவிடக் கூடாது. அவர் நேரில் இருந்தவர், சரி. ஆனால் பல ஆண்டுகள் கழித்து, சொந்தச் செயலைப் பற்றி, தம்பி மகனிடம் சொல்கிறார். தழும்பு கல் பட்டதைச் சொல்லும். எந்த நாள் என்று சொல்லாது. மெமோ இறங்கி நடந்ததைச் சொல்லும்; ஏறி மிதித்ததைச் சொல்லாது. இவ்வளவையும் தாண்டி, பேச்சு, வாய்மொழி, மெமோ மூன்றையும் சேர்த்து வைத்தால் யார் பக்கம் எடை கூடுகிறது என்று பிள்ளையே சொல்லட்டும். அத்தையிடம் அனுமதி வாங்கச் சொன்னார். வாங்கினேன். பேர் போடாதே, வேணும்னா போட்டுக்கோ என்று ஒரே மூச்சில் இரண்டும் சொன்னார் அத்தை.

வினா இறுதியில் இப்படி அமைந்தது: 'அன்றாடப் பயணத்தில் நிலவிய கட்டுப்பாடுகள் எவ்வாறு மீறப்பட்டன என்பதை ஆராயும் ஒருவருக்குச் சான்று 1 எந்த அளவுக்குப் பயன்படும்? சான்றின் உள்ளடக்கம், அது தோன்றிய சூழல் ஆகியவற்றோடு சான்றுகள் 2, 3 ஆகியவற்றையும் ஒப்பிட்டு விளக்குக.' மூன்று புள்ளிகள் இருந்த இடத்தில் அந்தச் சைக்கிள் வாக்கியத்தை நானே திரும்ப வைத்தேன். சொல் எண்ணிக்கைக்காக, நான் மிகவும் விரும்பிய வேறொரு வாக்கியத்தை எடுத்தேன். அது என்ன என்று இப்போது நினைவில்லை.

வினாத்தாள் முடிந்தது. கல் முடியவில்லை.

சித்தப்பாவுக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் கேட்டார், "நீதானடா மைக்ல சொன்னே?" நான் ஆமாம் என்றேன். "கல்லு வெட்டி முடிச்சிட்டான். செத்த மனுசன்கிட்டேருந்து எதையாவது எடுத்துதான் ஆவணுமா?" என்றார். அவர் அண்ணனைத் தோளில் சுமந்தவர். அவரிடம் வாதாட என்னிடம் சொற்கள் இருந்தன, எடுத்து அடுக்கவில்லை. அத்தையையும் அழைத்துக்கொண்டு கல் பட்டறைக்கு வரச் சொன்னேன்.

பட்டறை செஞ்சிக்கு வெளியே, ரோட்டோரம். நான் போனபோது இருவரும் ஆட்டோவில் வந்திறங்கி நின்றிருந்தார்கள். பலகை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எழுத்துகள் வெட்டியாகிவிட்டன, பொன்வண்ணம் மட்டும் பூசவில்லை. தட்டச்சில் பார்த்த 'முதன்முதலாக' கல்லில் வேறு மாதிரி இருந்தது. தாளில் அது ஒரு கூற்று. யார் சொன்னது, எப்போது என்று மேலே ஒரு குறிப்பு எழுதலாம், எடைபோடலாம். கல்லுக்கு அப்படிக் குறிப்பு கிடையாது. இதைப் பார்க்கும் எந்தப் பிள்ளையும் கேள்வி கேட்காது.

அத்தையின் பெயரையும் சேர்த்து வேறு கல் செய்யலாம் என்றேன். சித்தப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். அத்தை கல்லின் அருகே போய்த் தம்பியின் பெயரை விரலால் தடவினார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். மெதுவாக வரியின் இறுதிவரை வந்தார்.

"என் பேரு வாணாம். என் தம்பி இந்தத் தெருவுல சைக்கிள்ல போனான், அது நெசம். அந்த 'முதன்முதலாக'வ மட்டும் எடுத்துடச் சொல்லு," என்றார்.

தேய்த்தால் அந்த இடத்தில் பள்ளம் தெரியும் என்றார் கல்வெட்டுபவர். மழைத் தண்ணீர் நிற்கும், தூசி படியும், பார்க்கிறவன் கேட்பான் என்றார். "கேக்கட்டும்," என்றார் சித்தப்பா. அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

இயந்திரம் ஓடியது. வெள்ளைத் தூள் எங்கள் எல்லார் மேலும் படிந்தது. ஒரே சொல், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நைனா சொன்னதிலிருந்து நான் ஒரு சொல்லைக்கூட எடுக்கவில்லை, என்னுடையதைத்தான் எடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதிலிருந்து எந்த நிம்மதியும் வரவில்லை. இயந்திரம் நின்றபோது வரியின் நடுவில் ஓர் ஆழமில்லாத குழி இருந்தது, உள்ளங்கை அகலத்தில். சித்தப்பா துண்டால் அதைத் துடைத்துவிட்டு ஆட்டோவில் போய் உட்கார்ந்தார்.

அத்தை அங்கேயே நின்றார். முடியிலும் புருவத்திலும் கல்தூள்.

"கல்லுல எடுத்துட்டே," என்றார். "மைக்ல சொன்னத எப்பிடிடா எடுப்பே?"

பட்டறையில் வேலை செய்தவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கேட்க ஆள் இருக்கும் இடத்தில் நான் எப்போதும் குரலை எடுத்துக் கட்டுவேன். அன்று அது எழவில்லை. ஆட்டோவில் இருக்கும் சித்தப்பாவுக்கும் கேட்கும் அளவுக்கு, வாய்விட்டு, நிறுத்தம் எங்கும் வைக்காமல் சொன்னேன்:

"நெனவு நாளு அன்னைக்கு மறுபடியும் மைக்க நான்தான் வாங்குவேன் அத்தே, எடுத்ததும் அன்னைக்கு நான் அங்க இல்ல, கேக்காமலே சொல்லிட்டேன்னு சொல்லுவேன், அப்பறம் போன்ல பதிவு பண்ணி வச்சிருக்கறத நீ சொன்ன மாதிரியே, டூட்டிக்கு டைம் ஆனதுலேருந்து மூணாம் நாளு நைனா எறங்காதது வரைக்கும், ஒரு வார்த்தை கூட்டாம வாசிச்சிக் காட்டுவேன்."